ஆறும் பச்சை

என் மருமகளைப் பயந்தாங்கொள்ளி என்று முதலில் சொன்னவன் என் மகன். பிறகு வீடே சொன்னது, நானும் சொன்னேன். வாசலைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தலைவலி மாத்திரை வாங்கினால் டப்பாவுக்குள் மடித்து வைத்த பொடியெழுத்துக் காகிதத்தை முழுக்கப் படித்த பிறகுதான் வாயில் போடுவாள். அதற்குள் தலைவலியே போய்விடும். அந்தப் பயத்துக்கு ஒரு கம்பெனி சம்பளம் கொடுக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் விளங்காத சங்கதி.

மென்பொருள் எழுதுகிறவர்கள் அதோடு கூடவே ரீட்மீ என்று ஒரு குறிப்பு வைப்பார்கள். புதிதாக வருகிறவர் எதை முதலில் நிறுவ வேண்டும், எதை அடுத்து ஓட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். அதைச் சரிபார்ப்பதுதான் இவள் வேலை. ஒன்றும் ஏற்றாத வெறும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளைப் போல, எழுதியிருப்பதை மட்டும் வரிவரியாகச் செய்வாள். இடறுகிற இடத்தில் எழுதினவர் எதையோ விட்டிருக்கிறார் என்று பொருள்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி முதுகில் சுமந்தவன். இன்று நான்கு குளிர் அறைகள் என் பெயரில் ஓடுகின்றன. சுற்றுவட்டார மருந்துக் கடைகளுக்கெல்லாம் இன்சுலின் என்னிடமிருந்துதான் போகிறது. இதை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த மருந்து எட்டு டிகிரிக்கு மேல் கிடந்தால் வீரியம் குறையும். குறைந்தது பார்வைக்குத் தெரியாது. சர்க்கரைக்காரர் ஊசி போட்டுக்கொண்டு நம்பிக்கையாகப் படுத்துவிடுவார். எனக்குப் பயம் கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். இந்த ஒன்றைத் தவிர என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அறைகளின் குளிரை ஒரு மென்பொருள் கவனிக்கிறது. அளவை வைப்பதும் அதுதான், ஏறினால் என் போனை அலறவைப்பதும் அதுதான். அதை எழுதிய புரோகிராமர் வேறு வேலைக்குப் போகிறார் என்றதும், உபரியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அறைகளின் கேபிளில் மாட்டி, அவர் இருக்கும்போதே ரீட்மீயைச் சரிபார்க்க மருமகளை வரவழைத்தேன்.

"எங்க ஆபீஸ்ல தனியா ஒரு அறை இருக்கு மாமா, அங்க வச்சுப் பார்க்கலாமே," என்றாள்.

"என் சாமானை என் இடத்துல பார்த்தாதான் எனக்குத் திருப்தி," என்றேன்.

உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே நின்றாள்.

"இந்த புரோகிராம் ஓட பைத்தான் வேணும்னு எழுதவே இல்லையே."

"அது இல்லாத கம்ப்யூட்டர் உண்டா?" என்றார் புரோகிராமர்.

"இதோ இருக்கு."

அதை நிறுவினாள். எந்தப் பதிப்பு என்றும் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்து, வழக்கமான பாஸ்வேர்டைப் போடவும் என்று இருந்தது.

"யாருக்கு வழக்கம்?"

"எனக்குத்தான்."

"நீங்கதான் இந்த வாரத்தோட போறீங்களே. உங்க வழக்கத்தையும் கையோட எடுத்துட்டுப் போயிடுவீங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். நல்ல மனுஷன், ஆனால் தனக்குத் தெரிந்தது பச்சைக்குழந்தைக்கும் தெரியும் என்று நினைக்கிற ரகம். இப்படியே இடறி இடறிக் கடைசி வரிக்கு வந்தாள். ஆறு சோதனைகளையும் ஓட்டவும், ஆறும் பச்சையாக வர வேண்டும், சிவப்பு வந்தால் தவறு. ஓட்டினாள். ஆறும் பச்சை.

நான் காபி வரவழைத்தேன். ஐஸ் சுமந்த காலத்துக் கதையை எடுத்துவிட்டேன். புரோகிராமர் ஏற்கெனவே கேட்டதுதான், மறுபடியும் மரியாதையாகக் கேட்டார். கதை பாதி ஓடிய பிறகுதான் மருமகளைப் பார்த்தேன். காபியைத் தொடவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"இது ஏன் பச்சையா வந்துச்சு?" என்றாள்.

"நல்லதுதானேம்மா," என்றேன்.

"இல்ல மாமா. இந்தச் சோதனை ஏதோ ஒரு அறையோட பேசணும். எதோட பேசுச்சு?"

"நிஜ அறையோட இல்லீங்க," என்றார் புரோகிராமர். "என் லேப்டாப்ல போலியா ஒரு அறை, அதாவது அறை மாதிரியே பதில் சொல்ற புரோகிராம், ஓடிக்கிட்டிருக்கும். அதோடதான்."

"உங்க லேப்டாப் எங்க?"

"பையில. மூடி வச்சிருக்கேன்."

சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"போலி அறையோட முகவரியை இந்த கம்ப்யூட்டருக்கு யார் சொன்னா? ரீட்மீல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல."

"அதுக்கு ஒரு செட்டிங்ஸ் ஃபைல் வேணும். என்கிட்ட எப்பவும் இருக்கும். அது இல்லேன்னா புரோகிராம் கோட்ல எழுதி வச்சிருக்கிற முகவரிக்குப் போகும்."

"அது எது?"

அவர் எழுந்தே விட்டார். "நம்ம அறைங்கதான்."

"சோதனை என்ன பண்ணும்?"

"அளவை இருபது டிகிரிக்கு மாத்தும், மாறுச்சான்னு பார்க்கும். அலாரத்தை நிறுத்தும், நின்னுச்சான்னு பார்க்கும்."

"திரும்பப் பழைய அளவுல வைக்காதா?"

"போலி அறையை அணைச்சுத் திரும்பப் போட்டா தானா நாலுக்கு வந்துடும். அதனால வைக்கல."

நான் ஓடினேன். என் வயதில் யாரும் அப்படி ஓடமாட்டார்கள். அறைகள் பக்கம் போனேன். எத்தனையோ வருஷமாக என் காதில் இருக்கும் கம்ப்ரஸர் இரைச்சல் இல்லை. கம்ப்ரஸர்காரர் முக்காலியில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

"நாலும் நின்னு ரொம்ப நேரமாச்சு முதலாளி. குளிர் போதுமாயிடுச்சுபோலன்னு இருந்தேன்."

அறைகளின் கட்டுப்பாட்டுப் பலகையில் அளவு இருபது. உள்ளே ஏழு. புரோகிராமர் கையாலேயே நான்குக்கு வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

"ஏன்யா ஓடல?"

"நின்ன கம்ப்ரஸர் உடனே கிளம்பாது முதலாளி, கொஞ்சம் ஆறித்தான் கிளம்பும். உங்களுக்குத் தெரியாததா," என்றார் கம்ப்ரஸர்காரர்.

தெரியும்தான். தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டிகளைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கைப்பிடியைப் பிடித்தேன். மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தும் பிடி தளரவில்லை.

"திறக்காதீங்க மாமா. இருக்கிற குளிரும் போயிடும்."

ஏழரை. மூன்றாம் அறை இன்னும் கொஞ்சம் ஏறியது. எந்தெந்தக் கடைக்கு எந்தப் பெட்டி என்று என் மனம் ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டே போனது. அப்போது முதல் கம்ப்ரஸர் உறுமியது, பிறகு மற்றவை. எண் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. எட்டைத் தொடாமல் இறங்கியது.

நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் உட்காரவில்லை.

"அலாரத்தைத் திரும்பப் போட்டீங்களா?" என்று புரோகிராமரைக் கேட்டாள். அவருக்கு அதுவும் மறந்துபோயிருந்தது. போட்டார். என் போன் ஒருமுறை அலறியது. அந்தச் சத்தம் அன்று எனக்கு இனித்தது.

நான்கு அறையும் நான்குக்கு வந்த பிறகு, கோட்டில் இருந்த அந்த முகவரியை அவரைக்கொண்டே அழிக்கவைத்தாள். செட்டிங்ஸ் ஃபைல் இல்லையென்றால் எதோடும் பேசாமல் நிற்க வேண்டும் என்றாள். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அறைகளுக்குப் போகும் கேபிளைக் கழற்றச் சொல்லி, கம்ப்ரஸர்காரரைப் பலகை முன்னால் உட்காரவைத்தாள். கம்ப்யூட்டரைத் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

"மறுபடியும் முழுசாவா?" என்றார் புரோகிராமர்.

"பாதியிலேர்ந்து பார்த்தா நான் தெரிஞ்சவளா ஆயிடுவேன்," என்றாள்.

கடைசி வரியை ஓட்டுமுன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆறும் சிவப்பு. அதிலும் திருப்தியில்லை, கேபிள் இல்லாததால் வந்த சிவப்பா என்று கீழே இருந்த எழுத்தைப் படித்தாள். முகவரி தரப்படவில்லை, செட்டிங்ஸ் ஃபைலைக் காணோம் என்று இருந்தது.

"இப்ப சரி," என்றாள்.

ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ரீட்மீயின் உச்சிக்குப் போய், போலி அறையை எப்படி ஓட்டுவது என்று முதல் வரியை எழுத ஆரம்பித்தாள். நான் கம்ப்ரஸர்காரர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு எண்களைப் பார்த்தபடி இருந்தேன்.