டிவியில் இருபதாவது பெயர்

அவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். எந்தப் பள்ளியிலும் அவர் வேலை பார்த்ததில்லை. வீட்டுக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரத்தைப் போனில் விற்கிற எங்கள் அலுவலகத்தில் பதினோரு வருடமாக இருந்தவர். அழைப்பை எடுத்ததும் விலையைச் சொல்ல மாட்டார். குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சில பேரிடம், "உங்களுக்கு இது தேவையே இல்லைங்க, கொதிக்க வச்சுக் குடிங்க போதும்" என்று சொல்லி வைத்துவிடுவார். நாங்கள் நாலு நிமிடத்தில் முடிக்கிற பேச்சு அவருக்குப் பதினோரு நிமிடம் ஆகும். பெயர் வந்தது அதனால்தான். பிரியமாக வைத்த பெயர்.

புது மேனேஜர் வந்த மாதம் சுவரில் பெரிய டிவி ஏறியது. இருபது பேரின் பெயரும் அன்றுவரை விற்ற எண்ணிக்கையும் அதில் ஓடும். ஒவ்வொரு விற்பனைக்கும் வரிசை மாறும். முதல் நாலு பெயர் பச்சை, கடைசி இரண்டு சிவப்பு. பதிவான விற்பனை மட்டும்தான் கணக்கு. வாங்கியவர் ஒரு வாரத்தில் வேண்டாம் என்று திருப்பினால் அது வேறு பிரிவின் தலைவலி, டிவிக்குத் தெரியாது. முதலிடத்தில் இருந்தவனுக்கு நாங்கள் ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தோம், அவன் விற்பனையில் மூன்றில் ஒன்று திரும்பி வந்துவிடும். டீச்சர் விற்றது திரும்பி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. தாங்களாகவே விசாரித்து எண் கொடுத்தவர்களின் அழைப்பைக் கணினி பச்சைப் பெயர்களுக்கே அனுப்பும். கடைசியில் இருப்பவர்களுக்கு வருவது பழைய பட்டியல், முன்பே இரண்டு மூன்று தடவை வேண்டாம் என்றவர்கள். போன் எடுத்ததும் திட்டுவார்கள். கீழே போனவர் மேலே வர வழியில்லாத மாதிரி அது அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரவரிசை. இருபது பேரில் நாலு பேர் 'சிறப்பு', பதினாலு பேர் 'சரி', இரண்டு பேர் 'போதாது'. இரண்டு பேர் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை 'போதாது' வாங்கினால் வேலை இல்லை. டிவி வந்த முதல் காலாண்டில் நாங்கள் எல்லாருமே இலக்கைத் தாண்டியிருந்தோம். டீச்சருக்கு மாதம் நாற்பது இலக்கு, நாற்பத்தொன்று விற்றிருந்தார். ஆனாலும் இருபதாவது. நான் பதினெட்டாவது.

டீச்சர் மேனேஜரிடம் போய்க் கேட்டார்.

"இலக்கைத் தாண்டிட்டேனே சார், அப்புறம் எப்படிப் போதாது?"

"நீங்க ஓடலைன்னு நான் சொல்லலையே. மத்தவங்க வேகமா ஓடிட்டாங்க. மேலிடத்துல ரெண்டு பேரைக் கேக்கறாங்க, நான் யாரைக் குடுக்கறது? உங்க பேரைத் தவிர வேற பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை.

அவர் வேலையை விட முடியாததற்குக் காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். கணவருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கம்பெனி எடுத்துக்கொடுத்த மருத்துவக் காப்பீட்டில்தான் அது நடக்கிறது. வேலை போனால் அந்த மாதத்தோடு காப்பீடும் போகும். மேனேஜருக்கும் இது தெரியும். டீச்சர் எதையும் தாங்கிக்கொள்வார் என்று மேனேஜருக்குத் தெரிந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு பொம்மை வந்தது. பச்சைத் துணியில் தைத்த ஆமை. முந்தின நாள் விற்பனையில் கடைசியாக வந்தவர் மேசையில் ஒரு நாள் இருக்கும். முதல் வாரம் அது நாலைந்து மேசை சுற்றியது, என் மேசையிலும் இருந்தது. சிரித்தோம். அப்புறம் டீச்சர் மேசையில் உட்கார்ந்துகொண்டது. ஏழு வாரம் நகரவில்லை. யாரோ அதற்கு மூக்குக் கண்ணாடி வரைந்து ஒட்டினார்கள், டீச்சருடையது மாதிரியே.

அடுத்து, காலைக் கூட்டத்தில் கடைசி ஆள் டிவிக்குக் கீழே நின்று தன் எண்ணைத் தானே வாசிக்க வேண்டும் என்றார்கள். அதற்கடுத்து நாற்காலி. "உக்காரணும்னா சம்பாதிச்சு உக்காருங்க டீச்சர்" என்று மேனேஜர் அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துக்கொள்வார். முதல் விற்பனை பதிவானால் திரும்ப வரும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு முதல் விற்பனைக்குச் சில நாள் மதியம் ஒன்றரை ஆகும். கால் வீங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். எனக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அவருடைய அழைப்புப் பதிவு ஒன்றை ஸ்பீக்கரில் போட்டார். எப்படிப் பேசக்கூடாது என்று கற்றுக்கொடுக்கிறாராம். பழைய பட்டியல் ஆள் ஒருவன், "உனக்கு வேற பொழப்பு இல்லையா கிழவி, எத்தனை தடவைடி சொல்றது" என்று கத்துகிறான். டீச்சர், "மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க" என்கிறார். ஆறு தடவை. ராக்கெட் விரல் விட்டு எண்ணினான். தளம் முழுக்கச் சிரித்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் மனிதவளப் பிரிவுக்குப் புகார் எழுதினார். தேதி போட்டு எழுதினார்: ஆமை ஏழு வாரம், நாற்காலி பத்தொன்பது நாள், பதிவு ஒரு நாள். அங்கிருந்து ஒரு அம்மா வந்து எங்களை ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பொறுமையான அம்மா. எண்ணைச் சுவரில் போடுவது தப்பில்லை, வேலையைப் பற்றிக் கடுமையாகப் பேசுவதும் தப்பில்லை. ஆனால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப, வேலைக்குச் சம்பந்தமில்லாத விதத்தில், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினால் அது கொடுமை, அதற்கு நடவடிக்கை உண்டு என்று விளக்கினார். பக்கத்திலிருந்து பார்த்தவர் ஒருவர் சொன்னால் போதும் என்றார். டீச்சருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது.

"நீங்க சொல்லுங்க தம்பி. விளையாட்டாத் தோணுச்சா, கொடுமையாத் தோணுச்சா?"

கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் யாருடனோ பேசியபடி நடந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

"விளையாட்டுதாங்க மேடம். எல்லாரும் சிரிச்சோம். டீச்சரும் சிரிச்சாங்க."

அந்த அம்மா அதை அப்படியே எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

புகார் நிரூபணமாகவில்லை என்று கடிதம் வந்தது. உற்சாகப்படுத்தும் விளையாட்டுகளில் இனி கவனம் தேவை என்று மேனேஜருக்கு ஒரு வரி. ஆமை போய்விட்டது. நாற்காலி திரும்பி வந்தது. பழைய பட்டியல் மட்டும் மாறவில்லை. இலக்கை மாதம் ஐம்பதாக உயர்த்தியிருந்தார்கள். காலாண்டு முடிவில் டீச்சர் மறுபடியும் இருபதாவது, இரண்டாவது 'போதாது'.

கடைசி நாள் அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. என்னிடம் மட்டும் வந்தார். கையில் விசாரணை அறிக்கையின் நகல். அதில் பெயர்கள் இல்லை, 'சக ஊழியர்' என்று மட்டும் இருக்கும்.

"இதுல நானும் சிரிச்சேன்னு யாரோ சொல்லியிருக்காங்க தம்பி. எல்லா நாளையும் நெனச்சுப் பாத்துட்டேன். நான் எப்ப சிரிச்சேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. வாங்குகிறவர்களிடம் பாத்திரத்தைப் பற்றிக் கேட்கிற அதே குரல். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு.

"ஸ்பீக்கர்ல போட்டாங்களே, அன்னைக்கு டீச்சர்" என்றேன்.

அவர் அறிக்கையை நாலாக மடித்தார்.

"ஆமா. சிரிச்சேன் போல இருக்கு" என்றார்.

என் போன் அடித்தது. எடுத்துப் பேசினேன். பேசி முடித்துத் திரும்பியபோது அவர் அடையாள அட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கியிருந்தார். டிவியில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன. கடைசி இரண்டு சிவப்பு. பதினெட்டாவது என்னுடையது.