ஒரே அளவு ஜல்லி

படப்பை சாலையோரம், மனைகளுக்குக் காம்பவுண்டு போடுகிற சிமெண்டுக் கால்களை வார்த்து விற்கிறாளே ராஜாமணி, அவளுக்கு எதுவும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பல வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றவள். அளவுக் கருவியில் நுழையாத உருப்படியைச் சிவப்புக் கூடையில் போடுவதுதான் வேலை. வேலையை விட்டுக் களம் போட்ட பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

ஜல்லி லாரி வந்ததும் சலிக்கச் சொல்வாள். சல்லடைமேல் நிற்கிற அரை இஞ்சு மட்டும்தான் கலவைக்கு. கீழே விழுகிற கால் இஞ்சுப் பொடிசையெல்லாம் களத்துக்குப் பின்னால் குவித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் பள்ளம் தூர்க்க ஆகும். சலித்த குவியலைப் பார்த்தால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வைத்த மாதிரி இருக்கும். அதில் அவளுக்குப் பெருமை.

கால்கள்தான் சரியில்லை. அச்சைக் கழற்றினால் விளிம்பெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை. மனை போட்டு விற்கிற கண்ணப்பனுக்கு அனுப்பியதில் இரண்டு கால், லாரியிலிருந்து இறக்கும்போதே முறிந்தன. பலம் பார்ப்பதற்கென்று அதே கலவையில் வார்த்த சின்னச் சிமெண்டுக் கட்டையைச் சோதனை லேபில் மெஷினில் வைத்து அழுத்தினார்கள். அதுவும் தேறவில்லை.

"அடுத்த தபா கட்டை தேறலன்னா நான் வேற எடம் பாத்துக்கறேம்மா" என்று கண்ணப்பன் சொல்லிவிட்டுப் போனார். களத்துக்கு இருந்த பெரிய ஆர்டர் அவருடையதுதான். அது போனால் பூட்டவேண்டியதுதான்.

ராஜாமணி சிமெண்டைக் கூட்டினாள். கலவை அச்சுக்குள் ஓடட்டும் என்று தண்ணீரையும் கூட்டினாள். மேலே மயிரிழை வெடிப்பு விட்டதுதான் மிச்சம்.

களத்தில் வேலை செய்கிற உச்சிமாகாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். "அக்கா, சிமெண்டை இன்னும் கொட்டுனா நாம காலு விக்க வேண்டாம், சிமெண்டாவே வித்துரலாம்" என்றான்.

"வாய மூடிக்கினு வேலையப் பாரு."

அந்த லேபில் வேலை பார்க்கிற ஜாஸ்மின் ராஜாமணிக்குச் சர்ச் பழக்கம். "கட்டைய விடுங்கக்கா, ஜல்லியும் மணலும் கொண்டாங்க" என்றாள்.

ராஜாமணி கொண்டுபோனதும், பெரிய கண் மேலே, சின்னக் கண் கீழே என்று சல்லடைகளை அடுக்கி, ஜல்லியைக் கொட்டி ஆட்டினாள். முக்காலே மூணு வீசமும் ஒரே சல்லடையில் நின்றது. கீழே இருந்தவை காலி.

"எல்லாரும் ஒரே ஸ்டாப்புல எறங்கிட்டாங்க பாருங்க" என்றாள் ஜாஸ்மின்.

"நல்லதுதானே? நான்தான் சலிச்சேன்."

"அதாங்க்கா வினை. ஒரே சைஸு கல்லுன்னா நடுவுல சந்து நெறைய கீது. அத்தனையும் சிமெண்டுப் பாலும் மணலும்தான் ரொப்பணும். சின்னக் கல்லு இருந்தா அது சந்துல போய் ஒக்காந்துக்கும்."

"போம்மா, பொடிசு போட்டா வீக்காவாதா?"

நம்பவில்லை. களத்துக்கு வந்ததும் தானே இரண்டு வாளி எடுத்தாள். ஒன்றில் தன் அரை இஞ்சு ஜல்லி, விளிம்புவரை. இன்னொன்றில் அதே ஜல்லியோடு பின்னால் கிடந்த பொடிசையும் கலந்து, குலுக்கி விளிம்புவரை. இரண்டிலும் தண்ணீர் ததும்பும்வரை ஊற்றினாள். அவளுடைய அழகான ஜல்லி கிட்டத்தட்ட அரை வாளித் தண்ணீரைக் குடித்தது. கலப்படம் அவ்வளவு குடிக்கவில்லை.

"இத்தினி தண்ணி எங்கடா போச்சு?"

"சந்துக்குள்ளதான் கிடக்கு. நீங்க ஊத்துன சிமெண்டும் இங்கதாம்க்கா போயிருக்கு" என்றான் உச்சிமாகாளி.

ராஜாமணி இரண்டு வாளியையும் கவிழ்த்தாள். அப்புறம் மண்வெட்டியை எடுத்துப் பொடிசை வாரி வாரிக் கலவையில் போட ஆரம்பித்தாள். பிடிவாதக்காரி இல்லையா, அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசிக்குத்தான் போவாள். கலவை இறுகிப்போனது, தண்ணீர் கேட்டது. போனில் கேட்டதும் ஜாஸ்மின் சிரித்தாள். "பொடிசு மீறுனாலும் தண்ணி இழுக்கும், பலம் போயிடும். பெருசு, சின்னது, மணல் எல்லாம் அளவோட இருக்கணும். நான் சொல்ற மாதிரி போடுங்க."

சொன்ன மாதிரி போட்டார்கள். சிமெண்டைப் பழைய அளவுக்கே குறைத்தார்கள், தண்ணீர் இன்னும் குறைந்தது. அச்சைக் கழற்றியபோது விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நின்றது. புதுக் கட்டைகளை இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, அப்புறம் லேபில் அழுத்தினார்கள். தேறிவிட்டன. கண்ணப்பன் லாரியை அனுப்பினார். இறக்கும்போது ஒன்றும் முறியவில்லை.

தப்பு தன்னுடையது என்று ராஜாமணி இன்றுவரை சொன்னதில்லை. பின்னால் இருந்த குவியல் மட்டும் தீர்ந்துபோனது. இப்போது லாரி வந்தால், கொட்டுவதற்கு முன்னால் ஒரு கூடை இறக்கச் சொல்லிச் சலிக்கிறாள்.

போன வாரம் வந்த டிரைவர் குழம்பிப்போனான். "இன்னாக்கா, எவ்ளோ நீட்டா கீது, வேணான்ற?"

"பூரா ஒரே சைஸு. ரிஜெக்ட்டு. திருப்பிக்கினு போ."