ஃபிரிட்ஜின் பின்னால் ஒரு திகதி

காப்புறுதி நிறுவனங்களுக்காகச் சேதத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பது என் தொழில். யாரைக் கண்டாலும் முதலில் சந்தேகப்படுவது அதோடு வந்த குணம். வெள்ளவத்தையில் அந்த நாலாம் மாடி வீட்டுக்கும் அப்படித்தான் போனேன்.

வீட்டுக்காரி கணக்கு ரியூசன் ரீச்சர். தனியாக இருப்பவர். ஒரு பின்னேரம் மின்னல் வெட்டியதில் டீவியும் ஃபிரிட்ஜும் ஒன்றாக நின்றுவிட்டன என்று வீட்டுக் காப்புறுதியில் இழப்பீடு கேட்டிருந்தார். மின்னலுக்கும் கரண்ட் கூடி வந்து எரிவதற்கும் பத்திரத்தில் இடம் இருந்தது. பழசாகிப் பழுதானதற்கு இல்லை. திருத்தும் கடை கொடுத்த அறிக்கைகள் இரண்டிலும் ஒரே வசனம்: “மின்னலால் சர்க்கிட் போர்ட் எரிந்தது.” கடையோ நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தையில் கடையா இல்லை?

ஃபிரிட்ஜை இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். அதே கடையின் ஸ்டிக்கர். அதில் எழுதியிருந்த திருத்த வேலைத் திகதி மின்னலுக்கு ஒன்பது நாள் முந்தியது.

“அக்கா, இது முன்னமே பழுதாகினதோ?”

“இல்லைத் தம்பி. கதவு ரப்பர்தான் மாத்தினது. ஃபிரிட்ஜ் நல்லா ஓடினது.”

தயாராக வைத்திருந்த பதில்போல எனக்குப் பட்டது. இறங்கும்போது கீழ்வீட்டில் விசாரித்தேன். அதே பின்னேரம் அவர்களுடைய ரவுட்டரும் எரிந்திருந்தது. மின்னல் உண்மை. ஆனால் ஃபிரிட்ஜ்?

அடுத்த நாள் சொல்லாமலே கடைக்குப் போனேன். முதலாளி பில் புத்தகத்தை நீட்டினார். “கதவு ரப்பர்” என்றே இருந்தது. பிறகு எழுதிச் சேர்த்ததோ என்று முன்பின் பில்களின் இலக்கத்தையும் திகதியையும் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன.

“மிஸ் முந்தி இந்தப் பக்கம்தான் இருந்தாங்க சேர். இன்னும் என்னத்தான் கூப்பிடுவாங்க” என்றார்.

“ரெண்டு அறிக்கையிலும் ஏன் ஒரே வசனம்?”

“ரெண்டும் ஒரே மாதிரித்தானே எரிஞ்சிருக்கு. வேற என்னத்த எழுத?”

கழற்றிய போர்ட்டுகளை எறியாமல் வைத்திருந்தார். இரண்டிலும் கரண்ட் உள்ளே வரும் இடம் கருகி, கூடி வரும் கரண்டைத் தடுக்க அங்கிருந்த சிறு பாகம் வெடித்திருந்தது. தேய்ந்துபோன பொருள் அப்படி எரிவதில்லை. கம்பிரசரைச் சோதித்தாரா என்று கேட்டேன். அது நல்லாயிருக்கிறது, போர்ட்டை மாற்றினால் போதும் என்றார். மொடலும் சீரியல் இலக்கமும் எரிந்த பாகமும் குறித்து இரண்டு அறிக்கைகளையும் புதிதாக எழுதி வாங்கினேன்.

புது டீவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் அல்ல, இரண்டையும் திருத்தும் செலவுக்கு மட்டும் பரிந்துரைத்தேன். பத்திரப்படி ரீச்சர் தானே ஏற்க வேண்டிய பங்கைக் கழித்து நிறுவனம் கொடுத்தது.

சில நாள் கழித்து ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார்.

“காசு வந்திட்டுது தம்பி. என்னைக் கள்ளி எண்டுதானே நினைச்சனீங்கள்?”

“இல்லை அக்கா.”

“நீங்கள் ஸ்டிக்கரைப் பாத்திட்டு என்னைப் பாத்த பார்வையை நான் கண்டனான்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.