ராகுவை எண்ணாத கணக்கு

அக்கா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று மட்டும் சொன்னார். குழந்தை பிறந்ததிலிருந்து அவர் அதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமா என்றால் அக்கா புருஷன். என் அத்தை மகனும்கூட. அவர்களுக்குக் கிள்ளைதான் சொந்த ஊர். அங்கே எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குப் படகில் ஏறினாலே வாந்தி வரும். அதனால் சிதம்பரத்தில் ஒரு பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அத்தையையும் கூட்டி வந்து அங்கேயே வீடு எடுத்துக்கொண்டார். நாங்கள் கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன். என் அப்பா துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறார். நான் ஐந்தாவதோடு நின்றவள்.

மாமாவுக்கு ஜாதகப் பைத்தியம் பைண்டிங் கடையில் பிடித்தது. ஒரு புரொபசர் தைக்கக் கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தில் வட்டம் வட்டமாகப் படம் இருந்ததாம். தைத்து முடிப்பதற்குள் பாதியை நோட்டில் வரைந்து எடுத்துக்கொண்டார். பின்னால், எந்த வருஷம் எந்தக் கிரகம் எங்கே என்று இருந்த பட்டியலையும் விடவில்லை. தெரியாத வார்த்தைகளுக்குக் கடைக்கு வருகிற மாணவர்களிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அதே பேச்சுதான். நம்ம ஜோசியர்கள் எந்தக் கிரகம் எந்த வீட்டில் என்று பார்ப்பார்கள். இவர் பார்ப்பது மொத்தமாக எல்லாம் சேர்ந்து என்ன உருவம் என்று. பத்துக் கிரகமும் வட்டத்தில் ஒரு பாதிக்குள் அடங்கிவிட்டால் கிண்ணம். ஒன்பது ஒரு பாதியில் கிடந்து ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் தனியாக நின்றால் வாளி, அந்த ஒன்றுதான் கைப்பிடி. இரண்டு கூட்டமாகப் பிரிந்து எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் இரண்டு பக்கமும் இரண்டு கட்டத்துக்குக் குறையாமல் காலியாக இருந்தால் சீசா பலகை. எல்லாம் நாலு கட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டால் மூட்டை.

அக்கா ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "கிண்ணம்டி நீ" என்றார்.

"என்னாத்த ஊத்தி வெச்சிருக்கு எனக்குள்ள? மீன் கொழம்பா?"

"சிரிக்காத. கிண்ணக்காரவுங்க தனக்குள்ளயே நெறைய வெச்சிருப்பாங்க. காலியா கெடக்கு பாரு எதிர்ப்பாதி, அதுக்காவத்தான் ஆயுசு பூரா ஓடுவாங்க. எது மொதல்ல உதிக்குதோ அது தல. ஒனக்கு யுரேனஸ். திடீர் திடீர்னு எதையாவது பண்ணுவ."

"அதான் ஒங்களக் கட்டிக்கிட்டேன்."

நான் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கும் பார்த்தார். சீசா பலகை என்றார். "எதுலயும் ரெண்டு பக்கமும் தெரியும் ஒனக்கு. முடிவெடுக்கத்தான் வராது." அக்கா கைதட்டிச் சிரித்தாள். அவர் போட்ட தாள் இரண்டையும் அவள் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது எட்டுக் கிரகம் மகரத்தில் கூடுகிற தை மாதத்தில். உலகம் அழியப்போகிறது என்று ஊரே பயந்து கிடந்தது. கோயில் கோயிலாக ஹோமம் நடந்தது. கிரகம் கூடின இரண்டாம் நாள் பகலில் பெண் குழந்தை பிறந்தது. உலகம் அழியவில்லை. பதினோராம் நாள் அக்கா ஜன்னி கண்டு இறந்துபோனாள். பத்தொன்பது வயது.

நான் அன்று அழவில்லை. குழந்தைக்குப் பால் தேட வேண்டியிருந்தது. யார் வீட்டில் ஆடு கறக்கிறது என்று தெருவில் விசாரித்துக்கொண்டு போனேன். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அந்த மாதத்துக் குழந்தை என்று. மூன்றாவது வீட்டில் ஒரு துலுக்கப் பாட்டிம்மா கொடுத்தார். தினமும் வா என்றார்.

சித்திரையில் அப்பா சிதம்பரம் போய் மாமாவிடம் பேசிவிட்டு வந்தார். சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்.

"புள்ள வேணாங்குறான்."

"ஏனாம்?" என்றாள் அம்மா.

"என்னமோ வாளிங்கிறான். வாளிக்கு ராகு கைப்பிடிங்கிறான். எல்லா கெரகத்தயும் அள்ளிப் போட்டு ராகு தூக்கிக்கினு போறானாம். மொத ஆளா ஆத்தாள தூக்கிட்டான், தொட்டா அடுத்தது யாருன்றான். நமக்கு என்னா எழவு தெரியும்?" அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "தேடி வந்து பாக்காத அப்பனுக்குப் பொறந்த பொண்ண நாளைக்கி எவன் கட்டுவான்?"

எனக்கு அந்தக் குழந்தையை யாருக்கும் கொடுக்க மனமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அது என்னிடம் இருப்பது வேறு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா பெட்டியைத் திறந்து அவள் ஜாதகத் தாளை எடுத்தேன். பன்னிரண்டு கட்டம் மாமா கையெழுத்தில். பக்கத்தில் எங்கள் ஊர் ஜோசியர் குழந்தைக்கு எழுதிய ஜாதகத்தை வைத்துக்கொண்டேன். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கிரகத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைத்தேன். குழந்தைக்கு மகரத்தில் கேதுவோடு சேர்த்து எட்டுக் கொட்டை. நேர் எதிரே கடகத்தில் ஒன்று, ராகு. வாளிதான். மாமா சொன்னது சரியாகவே இருந்தது.

அக்காவுக்கு வைத்தேன். ரிஷபத்தில் ஆரம்பித்துத் துலாம் வரைக்கும் எல்லாம் வந்தது. கும்பத்தில் ஒன்று தனியாக நின்றது. கேது. ராகு சிம்மத்தில், கூட்டத்துக்குள்ளேயே. கேதுவை எண்ணினால் அக்காவும் வாளி. ஆனால் அவர் கிண்ணம் என்றுதானே சொன்னார்?

அம்மா ஜாதகம், அப்பா ஜாதகம், என்னுடையது எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ராகு இருக்கிற கட்டத்திலிருந்து எண்ணினால் ஏழாவது கட்டத்தில் எல்லோருக்கும் கேது. எப்போதும் நேர் எதிர். அந்த இரண்டையும் எண்ணினால் யாருடைய மூட்டையும் மூட்டையாக நிற்காது, ஒன்று எப்படியும் மறுபக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. அக்கா தாளில் மூன்று பெயர் சிவப்பு மையில் இருந்தது. யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ. குழந்தை ஜாதகத்தில் அந்த மூன்றும் இல்லை. ஜோசியர் எழுதமாட்டார். பஞ்சாங்கத்தில் அவை கிடையாது.

ஆனியில் குழந்தையையும் அதன் ஜாதகத்தையும் அக்கா தாளையும் எடுத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் போனேன். அந்த மூன்று சிவப்பும் எங்கே விழும் என்று எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் விழுந்து அதைவிட மோசமாகவும் போகலாம்.

பைண்டிங் கடை கீழவீதிப் பக்கம் ஒரு சந்தில். அத்தை சாப்பாட்டுக் கூடையோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடி மகாராணி, யார் கேட்டான்னு தூக்கியாந்த?" என்றாள். ஆனால் கண் குழந்தை மேலேயே இருந்தது.

மாமா பசைக் கையோடு நின்றார்.

"மாமா, அக்காவுக்குப் போட்டீங்களே, அப்ப கேதுவ எங்க வெச்சீங்க?"

"என்னா?"

தாளை மேஜைமேல் விரித்தேன். "கும்பத்துல தனியா நிக்கிது. அத எண்ணுனா அக்கா வாளி. நீங்க கிண்ணம்னீங்க."

"ராகு கேதுவ எண்ணக்கூடாது. அது கெரகம் இல்ல. சந்திரன் போற பாதையும் சூரியன் போற பாதையும் வெட்டிக்கிற எடம். அதுக்கு ஒடம்பு கெடயாது, இந்தக் கணக்குல..." அதோடு நின்றுவிட்டார்.

"புள்ளைக்கு மட்டும் எண்ணுனீங்க."

அத்தை, "என்னாடா கேக்குறா?" என்றாள்.

"அந்த மூணு செவப்பு எங்க மாமா?"

பசை டப்பாவை மூடினார். "அந்த மூணையும் போட எனக்குக் கை வரல. ஜோசியர் எழுதுனத அப்பிடியே பாத்தேன். ராகு தனியா நின்னான். போதும்னு மூடி வெச்சிட்டேன்."

"இப்ப போடுங்க." குழந்தை ஜாதகத்தை அவர் முன்னால் வைத்தேன்.

கையைத் துடைத்துவிட்டு நோட்டை எடுத்தார். "இதுங்க ஆம, வருஷக்கணக்கா ஒரே எடத்துல கெடக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே விரலை வைத்துத் தேடினார். என் கையிலேயே குழந்தை ஈரம் பண்ணியது. நான் அசையவில்லை.

"யுரேனஸ் சிம்மம். புளூட்டோ அதுவும் சிம்மம்." எழுதினார். "நெப்டியூன் துலாம்." பிறகு ராகு மேலும் கேது மேலும் கோடு கிழித்தார். சிம்மத்திலிருந்து மகரம் வரைக்கும் பென்சிலைக் கொண்டுபோனார். ஆறு கட்டம். எதிர்ப்பாதியில் எதுவும் இல்லை.

"என்னா வருது?" என்றேன், எனக்குத் தெரிந்தும்.

"கிண்ணம்." பிறகு, "தலையும் அதே யுரேனஸ்தான்" என்றார்.

குழந்தையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, புத்தகம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தினார். குழந்தை அவர் விரலில் காய்ந்திருந்த பசையைப் பிய்த்தது. "தலையப் புடிடா, ஆட்டுக்குட்டியா அது?" என்று அத்தை எழுந்து வந்தாள்.

சாயந்திரம்வரை இருந்தேன். எத்தனை மணிக்குப் பால், எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும் எல்லாம் அத்தையிடம் சொன்னேன். "பெத்தவ மாதிரி சொல்றா பாரு" என்றாள் அத்தை. அது கேலிதான், ஆனால் மெதுவாகச் சொன்னாள். மாமா ஸ்டேஷன் வரைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாதம் ஒரு தடவை கூட்டிவருகிறேன் என்றார்.

ரயில் கிளம்பினதும் மடி லேசாக இருந்தது. ஐந்து மாசத்தில் முதல் தடவையாக அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்ன என்று கேட்கவில்லை, நகர்ந்து இடம் விட்டாள். அந்தப் புளியங்கொட்டைகளை நான் எண்ணாமல் இருந்திருந்தால் குழந்தை என்னோடு வந்துகொண்டிருக்கும். அப்படியும் நினைத்தேன். அவர் கையில் அது பசையைப் பிய்த்ததும் கூடவே ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை அதிலேயே இருந்தது. கொடுக்க மறந்துவிட்டேன். கொடுத்தனுப்பச் சொல்லி அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள். அத்தை வீட்டில் வேறு பாலாடை இருக்காதா என்ன.