ஒரே விவாகரத்தை இரண்டு விதமாக எழுதியது

என் மகளின் விவரத்தைத் திருமணத் தளத்தில் ஏற்றியது நான்தான். நட்சத்திரம், உயரம், படிப்பு, மயிலாப்பூரில் சொந்த ஃப்ளாட், நான் ஓய்வு பெற்ற பதவி என எல்லாம் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். திருமண நிலை என்ற கட்டத்தில் விவாகரத்தானவர் என்று குறித்தேன். ஏழு மாதத்தில் பதினொரு குடும்பங்கள் விருப்பம் தெரிவித்தன. ஒன்பது பேர் ஜாதகம் கேட்டார்கள். அவளோடு பேசவேண்டும் என்று கேட்டவர் ஒருவருமில்லை.

அலுத்துப்போய் அவளே ஒரு டேட்டிங் ஆப்பில் சேர்ந்தாள். அவசரத்தில் நான் எழுதியதையே வெட்டி அங்கேயும் ஒட்டிவிட்டாள். 'எங்கள் மகள் அடக்கமானவள்' என்று தொடங்கும் அது. ஒருவன் பதில் போட்டிருந்தான்: "வணக்கம் அங்கிள். பொண்ணு ஆன்லைன்ல இருக்காங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரித்தாள்.

"நீ எழுதறது பையனோட அம்மா படிக்கறதுக்குப்பா. இங்க அவனே படிக்கறான்."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினாள்: 'ஒரு கல்யாணம் முடிந்துபோனது. சமைக்கத் தெரியாது, நன்றாகச் சாப்பிடுவேன். அடையாறில் நல்ல ஃபில்டர் காபி எங்கே என்று தெரிந்தவர் பேசலாம்.' பதினைந்து சொற்கள். அப்பாவின் பதவியே இல்லை. அதே பையன் ஒரு கடையைச் சொன்னான்.

ஐந்து மாதம் பழகிய பிறகு அவன் தன் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தான். தி. நகரில் இருக்கும் அவன் அம்மாவுக்கு விவாகரத்து என்றதும் தயக்கம். முதலில் பயோடேட்டா அனுப்பச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவு. மகள் அந்தப் பதினைந்து சொற்களையே மேலே போட்டு ஒன்று தயாரித்தாள்.

"இதை அனுப்பாதே" என்றேன்.

"ஏன்? இதைப் படிச்சுத்தானே அவன் வந்தான்?"

"அவன் வந்தான். அவங்க அம்மா இன்னும் வரலையே."

முடிந்துபோனது என்றால் ஒரு தாய்க்கு நூறு கேள்வி எழும். நான் எழுதினேன்: 'முதல் திருமணம் பதினான்கு மாதங்கள். இருவர் சம்மதத்துடன் நீதிமன்றத்தில் விவாகரத்து பெறப்பட்டது. குழந்தை இல்லை.' நட்சத்திரத்துக்கு அடுத்த வரியிலேயே அதை வைத்தேன். அடக்கமானவள் என்பதை மட்டும் மகள் அடித்தாள். "அவன் படிச்சா விழுந்து விழுந்து சிரிப்பான்" என்றாள். விட்டுக்கொடுத்தேன்.

அனுப்பிவிட்டு இரண்டு நாளில் பதினேழு முறை போனைப் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்த அம்மாள் அழைத்தார்.

"டைவர்ஸை மேலயே எழுதிட்டீங்க. நான் கேக்க வேண்டிய மூணும் அதுலயே இருந்தது. பொண்ணு நல்லா பேசுவாளா?"

"ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம்."

"நல்லதாப் போச்சு. எங்காத்துல யாரும் வாயைத் திறக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மூணு பேரா வரோம்."

மகளிடம் சொன்னேன். உடனே அவனுக்கு ஏதோ தட்டி அனுப்பினாள். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. அது என் இலாகா அல்ல.