முன் தமனி எடுத்துக்கொண்ட பேச்சு

ஒரகடம் சாலையில் இருக்கும் ஒரு நடுத்தர மருத்துவமனையில் நான் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர். சுற்றிலும் தொழிற்சாலைகள். விரல் நசுங்கி வருபவர்கள், பைக்கில் விழுந்து வருபவர்கள், சாப்பிடாமல் ஓடி மயங்கி வருபவர்கள் என்று நாள் போகும். நடுவில் பக்கவாதமும் வரும். வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவோம்.

புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு நான் இரண்டு கை முஷ்டிகளையும் ஒட்டிவைத்துக் காட்டுவேன். இதுதான் மூளை. வெளிப்பக்கம் தெரிகிறதே, அது முகத்துக்கும் கைக்கும் உரிய இடம். இடது பக்கத்தில் என்றால் பேச்சும் அங்கேதான். அங்கே ரத்தம் கொண்டுபோவது நடுத் தமனி. இரண்டு முஷ்டிகளும் ஒட்டுகிற உள்பக்கம் காலுக்கான இடம், அது முன் தமனியின் பொறுப்பு. பின்னால், பிடரிப் பக்கம், பார்வை. அது பின் தமனி. முகம் கோணி, கை விழுந்து, கால் கொஞ்சம் தப்பியிருந்தால் நடு. கால் மட்டும் இழுத்தால் முன். கை கால் நன்றாக இருந்து பார்வையில் பாதி போனால் பின். எல்லோருக்கும் இப்படிக் கச்சிதமாக வராது என்றும் சொல்வேன். ஆனாலும் முதல் நிமிஷத்தில் கை பிடிக்க ஏதாவது வேண்டுமே.

ஒருமுறை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பிள்ளைப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து இடது பக்க ரேக்கில் மோதிக்கொண்டே இருக்கிறார், கண் பவரைப் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுங்கள் என்றார் கூட வந்த சூப்பர்வைசர். தலைவலிக்கிறது என்றார் ஓட்டுநர். கை கால் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு கண்ணை மூடச் சொல்லி விரலை ஆட்டினேன், பிறகு மறு கண்ணை. இரண்டு கண்ணிலும் இடது பாதி இல்லை. கண்ணில் கோளாறு என்றால் ஒரு கண்ணில் வந்திருக்கும். இரண்டிலும் ஒரே பாதி போனால் கோளாறு பின்னால், மூளையில். வலது பின் தமனி. ஸ்கேனும் அதையே சொன்னது. வார்டில் தட்டில் இடப் பக்கத்துச் சோறு அப்படியே கிடந்தது. "தலையை இந்தப் பக்கம் திருப்புங்க" என்றேன். திருப்பியவர், "இது இங்கனதான் இருந்துச்சா மேடம்?" என்று கேட்டுவிட்டு அதையும் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னேன். சொல்ல விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பாதியிலேயே அவர் கதையை எடுத்துக்கொண்டு, தன் கம்பெனியில் கண்ணாடி போடாமல் அளவு காட்டும் கேஜைத் தப்பாகப் படித்த ஒருவரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். தரக் கட்டுப்பாட்டில் வேலை. வாய் ஓயாது. பல் தேய்க்கும்போதே பேசுவார், நுரையோடு. சர்ச்சில், நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம், பாடகர் குழுவில் நிற்பார், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போன் செய்வார். "படப்பை தாண்டிட்டோம்மா, இன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமா?" வீட்டுக்கு வந்து அதையே மறுபடியும் முழுசாகச் சொல்வார். எனக்குக் காது வலிக்கும். அவர் வேலைக்குப் போன பிறகு வீடு அமைதியாக இருப்பது பிடிக்கும். அப்போது பிடித்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணிமங்கலத்தில் எங்கள் வீட்டில் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். காபி குடிக்கும்போது முந்தின வாரம் போதகர் சொன்ன ஒரு கதையில் தனக்கிருந்த சந்தேகத்தை அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பேன்ட் ஈரமாக இருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை போலத் தெரிந்தது.

"என்னங்க?"

பார்த்தார். பதில் இல்லை. எழுந்திருக்கச் சொன்னேன், முயன்றார். வலது கால் தரையிலேயே ஒட்டிக்கொண்டது.

என் மாமியார் வாசலில் வந்து நின்றார். "ராத்திரி ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கினீங்களா? கோவத்துல பேசாம குந்திகினு கீறான்" என்றார்.

"இல்ல அத்தே. கார் வரச் சொல்லுங்க."

கோபத்தில்கூட அவர் பேசாமல் இருந்ததில்லை. எனக்குள் மனைவி பயந்து நின்றாள், டாக்டர் வேலையை ஆரம்பித்துவிட்டாள். சிரிக்கச் சொன்னேன், தாமதித்து, இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்தார். இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன், நீட்டினார். என் விரல்களை வலது கையில் வைத்ததும் இறுகப் பிடித்துக்கொண்டார். விடச் சொன்னால் விடவில்லை, அவராக விட முடியவில்லை. நாடி தாறுமாறாக அடித்தது. கடைசியாக, "இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, கோயிலுக்குப் போறோம். சொல்லுங்க" என்றேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, கோயிலுக்குப் போறோம்" என்றார். ஒரு எழுத்து பிசகவில்லை.

பிறகு மறுபடியும் அமைதி. சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடிகிறது, தானாக ஒன்றும் வரவில்லை. முகம் சரி, கை சரி, வலது கால் இல்லை, சிறுநீர் போனது தெரியவில்லை. நான் நர்ஸ்களுக்கு முஷ்டியை ஒட்டிவைத்துக் காட்டும் அந்த உள்பக்கம், இடது முஷ்டியில். இடது முன் தமனி.

எங்கள் மருத்துவமனையில் அன்று பணியில் இருந்த டாக்டர் நிதானமானவர். என் கணவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகம் நல்லா இருக்கு, கை பவர் நல்லா இருக்கு. கால் மட்டும்னா முதுகுத் தண்டையும் யோசிக்கணும் இல்லையா மேடம்?"

"முதுகுத் தண்டுல அடைப்புன்னா பேச்சு ஏன் நிக்கணும்? திருப்பிச் சொல்றாரு, தானா பேசல. கையில வெச்சத விட மாட்டேங்கிறாரு. முன் தமனி சார்."

அவரும் ஒரு தரம் வாக்கியம் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்துப் பார்த்தார். தலையாட்டிவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார். ரத்தக் கசிவு இல்லை. ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனில் இடது முன் தமனி பாதி வழியில் முடிந்துபோயிருந்தது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் அங்கே உறைந்த ரத்தக் கட்டி மேலே போயிருக்கிறது. அப்படிப் போவது பெரும்பாலும் நடுத் தமனிக்குத்தான் போகும். இவருடையது முன்னால் போனது. சென்னையிலிருந்த நரம்பியல் நிபுணரிடம் போனில் கேட்டார்கள். காபி நேரத்தை நான் சொன்னேன், அதுவரை நன்றாக இருந்தார் என்று. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய கட்டி கரைக்கும் ஊசிக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. போட்டார்கள். சம்மதத் தாளில் கையொப்பமிட்டது நான்தான். எத்தனையோ மனைவிகளிடம் அதே தாளை நீட்டியிருக்கிறேன்.

மறுநாள் வலது கால் விரல்கள் அசைந்தன. சில நாளில் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். பேச்சும் திரும்பியது என்று கேஸ் தாளில் எழுதினார்கள். அது பொய்யில்லை. கேட்டால் பதில் சொன்னார். சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன். வலிக்குதா? இல்ல. ஆனால் கேட்டால்தான். மூளையின் அந்த உள்பக்கத்தில் காலுக்குப் பக்கத்திலேயே, எதையும் தொடங்கவைக்கிற ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பகுதி கருகிப்போயிருந்தது. படத்தில் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தேன். இத்தனை சின்ன இடத்தில்தான் அத்தனை பேச்சும் குடியிருந்ததா என்று தோன்றியது.

பிசியோதெரபி ஹாலில் வடக்குப்பட்டிலிருந்து வரும் ஒரு அம்மா எனக்குப் பழக்கமானார். அவர் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டியவர். இடது நடுத் தமனி. வலது பக்க முகம் இறங்கி, கை தொங்கி, நடை மட்டும் ஓரளவு தேறியிருந்தது. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும், பேசத்தான் வராது. வாயைத் திறந்து, முகம் சிவந்து, "அ... அ..." என்று தவித்து, கடைசியில் தொடையில் அடித்துக்கொண்டு அழுவார்.

"டாக்டரம்மா, எங்க வூட்டுக்காரருக்குப் பேசணும் பேசணும்னு துடிக்குது, வாய் வரல. உங்க வூட்டுக்காரருக்கு வாய் நல்லாத்தான கீது. ஏன் பேச மாட்டேங்கிறாரு?"

"அவருக்குப் பேசணும்னு தோணல" என்றேன்.

அந்த அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப உங்குளுக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ குடும்பங்களுக்கு ரத்தக்குழாய்களை வரைந்து காட்டியிருக்கிறேன். என்னிடம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை. அன்று டியூட்டி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு வந்த மாதங்களில் நான் ஏங்கியது பெரிய விஷயங்களுக்கு இல்லை. அவர் நடக்கிறார், குளிக்கிறார், சொன்னால் சட்டை மாட்டிக்கொள்கிறார். நான் ஏங்கியது ஒரு குறுக்குப் பேச்சுக்கு. வேலையிலிருந்து வந்து, அன்று நடந்ததைச் சொல்வேன். நடுவில் வேண்டுமென்றே நிறுத்துவேன், அவர் பிடுங்கிக்கொண்டு போகட்டும் என்று. அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நான் நிறுத்தியதும் அந்த இடத்திலேயே அவரும் நின்றுவிடுவார். சாயங்காலம் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் சத்தம் கேட்டால் என் கை போனைத் தேடும். அவரோ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருக்கும் ஒருவரை இவ்வளவு தேட முடியும் என்று எனக்குத் தெரியாது.

நரம்பியல் நிபுணர் மாத்திரை ஒன்று சேர்த்தார். "நீங்களே எல்லாத்தையும் கேட்டுடாதீங்க, கொஞ்சம் இடம் விடுங்க" என்றார் பேச்சுப் பயிற்சி தரும் பெண். இடம் விட்டேன். சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டில் உப்பில்லாத பொரியலை வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறேன். அவர் அப்படியே சாப்பிட்டு முடித்தார்.

ஒருநாள் பயிற்சி முடிந்து அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தோம். வடக்குப்பட்டு அம்மா தன் கணவருக்கு "வா" என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது வந்துவிட்டிருந்தது, அதே ஒன்றை எல்லாவற்றுக்கும் சொல்லிச் சிரித்தார். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இந்தச் சட்டை இறுக்குது" என்றார் என் கணவர்.

நான் திரும்பினேன். அவர் கழுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் சுளித்திருந்தது. அந்தச் சுளிப்பையும் நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

"எங்க இறுக்குது?"

"கழுத்துல. வேற வாங்கணும்."

"வாங்கலாம்" என்றேன். "என்ன கலர்?"

அவர் மறுபடியும் பொத்தானைத் தடவினார். வீடு போய்ச் சேரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் வாரத்தில் சில முறைதான் தானாக ஏதாவது சொல்கிறார், பெரும்பாலும் குறையாகத்தான் இருக்கும். மின்விசிறி சத்தம் போடுகிறது, குழம்பில் புளி கூடிப்போச்சு. முழுக் கதை இன்னும் வரவில்லை. வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை, நானும் என் நோயாளிகளுக்கு அப்படி உறுதி சொல்வதில்லை. நான் வேலைக்குப் போகிறேன், முஷ்டிகளை ஒட்டிவைத்து நர்ஸ்களுக்குக் காட்டுகிறேன். உள்பக்கத்தைச் சொல்லும்போது இப்போது கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்: கால் மட்டும் இல்லை, பேசாமல் உட்கார்ந்திருப்பவரையும் பாருங்கள், கோபம் என்று வீட்டில் சொன்னாலும் பாருங்கள்.

சட்டை இறுக்குது என்று அவர் சொன்ன அன்றே கடைக்குப் போய் ஒரு சைஸ் பெரிய சட்டை வாங்கினேன். நீலம்.