சிறப்பு வகுப்பில் இல்லாத புணர்ச்சி

பத்தாம் வகுப்பில், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், தமிழ் சார் சிலரை மட்டும் எழுப்பி, சாயங்காலச் சிறப்பு வகுப்புக்கு வரச் சொன்னார். அதில் நானும் இருந்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் துப்புரவுக்காரர்கள் குடியிருக்கும் காலனி எங்களுடையது. பள்ளிக்கூடத்தை மழைக்கு ஒதுங்கி மட்டுமே பார்த்தவர் அப்பா. நகரசபையில் துப்புரவு வேலை. சேதி கேட்டதும் சாயாக்கடையில் எல்லாரிடமும் சொன்னார்: "சாரு எம் மவனுக்குத் தனியா சொல்லித் தராராக்கும்."

அந்த வகுப்பில் சாயாவும் பழம்பொரியும் உண்டு. சார் பாலக்காட்டுக்காரர். முதுகைத் தட்டிக்கொண்டே பாடம் நடத்துவார். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். தமிழ் வாத்தியாராக வேண்டும் என்று முதன்முதலில் அவரிடம்தான் சொன்னேன். "ஆவலாம்டா மோனே, நீ ஆவாம வேற யாரு ஆவா?" என்றார். வாத்தியாராக வேண்டும் என்றால் தமிழிலாவது ஏ ப்ளஸ் வாங்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு. மற்ற பாடங்களில் கிடைக்காது என்று எனக்கே தெரியும்.

கடிதம், செய்யுள், கட்டுரை என்று திரும்பத் திரும்ப எழுதினோம். புணர்ச்சிப் பாடம் வந்தபோது சார் பக்கங்களை மொத்தமாகப் புரட்டினார். "இது வேணாம். தலைதான் வலிக்கும். விட்டுடுங்கோ." சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விட்டுவிட்டேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் படகுத்துறைப் பக்கம் என் வகுப்புத் தோழனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் அப்பாவுக்கு மசாலாக் கடை. கப்பலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"எடா, பெருங்கடலுக்கு விதி சொல்லு பாப்போம்."

"அதெல்லாம் வராதுன்னு சார் சொன்னாரே."

"வராதா? எங்களுக்கு மூணு நாளா அதானேடா நடக்குது."

காலையில் அவனுக்கும் இன்னும் சிலருக்கும் சார் தனி வகுப்பு எடுத்திருக்கிறார். சொல்லவும் செய்தான்: பெருமை, கடல். முதலில் 'மை' போகும், அது ஈறுபோதல். பெரு, கடல் என்று நிற்கும். பிறகு 'க'வுக்கு இனமான 'ங்' நடுவில் தோன்றும், அது இனமிகல். நான் வாய் பிளந்து கேட்டேன். பிறகு தயங்கிச் சொன்னான்:

"நீ கோவிச்சுக்காதேடா. உங்க கிளாஸ் டி ப்ளஸ் கிளாஸ். பாஸ் ஆனாப் போதும்ங்கிறவங்களுக்கு."

"எனக்கு ஓணப் பரீட்சையில ஏ கிரேடுடா."

அவன் மறுபடி கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டான். எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாரும் எங்கள் காலனி.

மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் சாரைப் பிடித்தேன். "சாரே, எனக்கும் புணர்ச்சி சொல்லித் தாங்க."

"இப்ப எதுக்குடா அது? உள்ளதையும் குழப்பிண்டு தோத்துப் போவே."

"எனக்கு ஏ ப்ளஸ் வேணும் சார். வாத்தியாராகணும்னு உங்ககிட்டத்தானே சொன்னேன்."

சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமோ ஏளனமோ இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "மோனே, உங்க வீட்டுல யாராவது பத்து பாஸாயிருக்காளா? முதல்ல நீ பாஸாவு. ஒருத்தரும் தோக்கப்படாதுன்னு நான் கெடந்து ஓடறேன்." முதுகைத் தட்டினார். அதே கை.

மிச்ச நாட்களில் தோழன் சொன்ன ஒரே உதாரணத்தை மனப்பாடம் செய்தேன். வினாத்தாளில் 'செங்கதிர்' வந்தது. ஈறுபோதல், இனமிகல் என்று மகிழ்ச்சியோடு எழுதினேன். வெளியே வந்ததும் தோழன் தலையில் கைவைத்தான். "செம்மையில 'மை' போனா 'செம்' நிக்குதேடா. அங்க இருக்கற 'ம்'தான் 'ங்' ஆகுது. புதுசா எதுவும் வரலை. மெய் திரிதல்." சொல்லிக் கொடுத்திருந்தால் அரை நிமிட விஷயம். வினாத்தாளில் இருந்த இன்னொரு புணர்ச்சிக் கேள்வியை நான் தொட்டிருக்கவே இல்லை.

முடிவு வந்தது. தமிழில் ஏ. ப்ளஸ் இல்லை.

பள்ளி வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அப்பா லட்டுப் பெட்டியோடு என்னை ஆசிரியர் அறைக்கு இழுத்துப் போனார். சாரைக் கண்டதும் கைகூப்பினார். "எங்க குடும்பத்துல மொத ஆளு சாரே. எல்லாம் உங்களாலதான்."

"இவன் நல்ல பையனாக்கும்," என்று சார் ஒரு லட்டை என் வாயில் வைத்தார். "ப்ளஸ் ஒன்னுக்கும் தமிழ்தானேடா? இங்கயே சேந்துடு, நான் பாத்துக்கறேன்."

லட்டை விழுங்கும்வரை காத்திருந்தேன்.

"தமிழ்தான் சாரே. ஆனா வேற ஸ்கூல்ல."

அப்பா கூப்பிய கையை இறக்காமலே என் பக்கம் திரும்பினார்.